இருபது வளைவுக்குள் சொல்லி முடிக்கிற வேண்டுதல்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பஸ்ஸில்தான் என் ஜெபம் எல்லாம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று நான்கு கீமோ சொல்லியிருந்தார்கள். அந்தச் சிவப்பு மருந்தும் (டாக்சோரூபிசின்) கூடவே சைக்ளோபாஸ்பமைடும். ஒவ்வொரு முறையும் விடியற்காலை அக்காவோடு கிளம்புவேன். இருபதாவது கொண்டை ஊசி வளைவில் ஆரம்பித்தால் முதல் வளைவு தாண்டி அடிவாரம் வருவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். கோரிமேட்டுக்கு வந்துவிட்டால் பயம் வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும், அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வராது.

முதல் தடவை நான் வேண்டியது ஒரே வரிதான்: "சேர்வராயா, எனக்கு எதுவும் ஆகக் கூடாது." இருபது வளைவுக்கும் அதையேதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்ததும், சாமி கேட்கவில்லை என்று நினைத்து அழுதேன். அது மருந்தின் நிறம், ஓரிரு நாள் அப்படித்தான் போகும் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார். பயத்தில் காதில் ஏறவே இல்லை.

இரண்டாவது தடவைதான் பெரிய தப்பு செய்தேன். பக்கத்தில் சலைன் ஓடிக்கொண்டிருக்க, சிவப்பு மருந்தை சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவார்கள். புறங்கையில் எரிந்தது. சுருக்கென்று இல்லை, மிளகாய் அரைத்த கை மாதிரி ஒரு காந்தல். நான் கண்ணை மூடிக்கொண்டு "தாங்கிக்கொள்ளும் சக்தி கொடு" என்று வேண்டிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்த சிஸ்டர்தான் கையைத் தொட்டுப் பார்த்து, லேசாக வீங்கியிருக்கிறது என்று உடனே நிறுத்தி, உள்ளே போனதில் வந்த வரைக்கும் அந்த ஊசி வழியாகவே திரும்ப உறிஞ்சி எடுத்து, ஐஸ் வைத்தார். "இது நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும்மா, எரிந்தால் அந்த நொடியே சொல்லணும், இதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது" என்றார். நல்ல வேளை, நாலைந்து நாள் சிவந்திருந்ததோடு போயிற்று. அன்றிலிருந்து என் வேண்டுதலில் பொறுமை கேட்பதை விட்டுவிட்டேன்.

மூன்றாவது தடவை ஊசியே போடவில்லை. முதல் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனையில், கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோபில் 900 என்று வந்திருந்தது. குறைந்தது 1,500 இருக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து வாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், தள்ளிப்போனதில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. மேலே ஏறும்போது பாதி வழியில்தான், இந்த ஒரு வாரம் நோய்க்குக் கிடைத்த நேரமாகிவிடுமோ என்ற நினைப்பு வந்து தொண்டையை அடைத்தது. ஒரு வாரத்தால் ஒன்றும் கெட்டுவிடாது, வெள்ளையணு ஏறாமல் மருந்து ஏற்றுவதுதான் ஆபத்து என்று அவர் சொன்னதை அக்கா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அப்புறம் நான்காவது தடவைக்குள் வேண்டுதல் இப்படி ஆகியிருந்தது, அப்படியே எழுதுகிறேன்.

"சேர்வராயா, காவேரித் தாயே, பயமாக இருக்கிறது, உங்களிடம் மறைக்க முடியாது. போன தடவை வந்த வாந்தி இப்போதே நாக்கில் நிற்கிறது. இன்றைக்கு ரத்த எண்ணிக்கை சரியாக இருக்கட்டும். சிஸ்டருக்கு முதல் குத்திலேயே நரம்பு கிடைக்கட்டும். எரிந்தால் வாய்விட்டுச் சொல்லும் தைரியத்தைக் கொடுங்கள். பத்தாம் நாளிலிருந்து எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கும்போது காய்ச்சல் 100.4 தொட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று படுத்திருக்காமல் அந்த ராத்திரியே மலை இறங்க வழி செய்யுங்கள். இந்த மருந்து என் உடம்பில் எங்கே போகவேண்டுமோ அங்கே போகட்டும். முடி காணிக்கை நேர்ந்துகொள்ள என்னிடம் முடி இல்லை. வளர்ந்ததும் தருகிறேன். மே மாதத் திருவிழாவுக்கு உங்கள் குகைக்குள் குனிந்து வருவேன், என்னை வரவையுங்கள்."

கடைசி வரியைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் குரல் உடையும். அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வாள், ஒன்றும் கேட்கமாட்டாள்.

அன்றைக்கு நியூட்ரோபில் 2,100. ஊசி போட்டது முழங்கைக்குக் கீழே, எரிச்சல் இல்லை. சும்மா இழுத்த மாதிரி இருந்ததைக்கூட மூன்று முறை சொன்னேன், சிஸ்டர் மூன்று முறையும் நிறுத்தி, ரத்தம் திரும்ப வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் செலுத்தினார்.

அடுத்து பாக்லிடாக்செல், வாரம் ஒன்றாக 12. அதில் விரல் நுனி மரத்துப்போகலாம் என்கிறார்கள். நான் தையல் வேலை பார்க்கிறவள். ஊசியில் நூல் கோப்பதற்கான வரியை இன்னும் சேர்க்கவில்லை. நேற்று மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒரு முறை சொல்லிப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது. திங்கட்கிழமை பஸ்ஸில், இருபதாவது வளைவில், மறுபடி ஆரம்பிப்பேன்.