பெரட்டுல பேர் கூப்பிடுவாங்க, இங்க கூப்பிட மாட்டாங்க

எங்க ஊரு பத்தாங் பெர்ஜுந்தை. இப்ப போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு எழுதியிருக்கு, ஆனா தோட்டத்து பெரியவங்க இன்னும் பழைய பேரைத்தான் சொல்றாங்க. அப்பா செம்பனை தோட்டத்துல மண்டோரா, அதாவது கங்காணியா இருந்தாரு. விடியறதுக்கு முன்னாடி பெரட்டுக் களத்துல நின்னு பேர் வாசிப்பாரு, பேர் வந்தவங்க குரல் குடுப்பாங்க, மத்தவங்க கம்முன்னு நிப்பாங்க. வீட்லயும் அதே மாதிரிதான், பெரியவங்க பேசறப்ப குறுக்க பேசக்கூடாது, கேட்டா மட்டும் சொல்லு. தமிழ்ப்பள்ளியிலயும் கை தூக்கினா டீச்சர் பேர் சொல்லணும், அப்புறம்தான் வாய் திறக்கலாம். இதுல எந்த தப்பும் இல்ல, நல்ல பழக்கம்தான்.

ஆனா 2009ல ஒரு பேங்க் வேலைக்கு கோலாலம்பூர் போயி குரூப் டிஸ்கஷன்ல உக்காந்தப்ப அந்தப் பழக்கம்தான் என்னை வாயை மூட வச்சுது. பேப்பர்ல மூணு பாயிண்ட் எழுதி வச்சிருந்தேன், ஒருத்தர் நிறுத்தட்டும் பேசலாம்னு காத்திருந்தேன், யாரும் நிறுத்தல, கடைசியில பக்கத்துல இருந்த பையன் பாவம்னு திரும்பி நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டான், அதுக்குள்ள என்னோட மூணு பாயிண்டையும் வேற வேற ஆளுங்க சொல்லி முடிச்சிருந்தாங்க. "ஐ அக்ரீ வித் ஆல் ஆஃப் தெம்"னு ஒரே ஒரு வரி சொல்லிட்டு பஸ் ஏறினேன்.

இப்ப நான் ஒரு தோட்ட கம்பெனி ஆபீஸ்ல எச்.ஆர்ல இருக்கேன். ஆபீஸ் டிரெய்னி எடுக்கறப்ப இங்கிலீஷ் டெஸ்ட்ல குரூப் டிஸ்கஷன் ரவுண்டுக்கு மார்க் போடறதுல நானும் ஒருத்தி. அதனால டேபிளோட ரெண்டு பக்கமும் எனக்கு தெரியும். போன இன்டேக்ல நடந்த ஒரு ரவுண்டை மட்டும் எடுத்து சொல்றேன், நம்ம ஊரு பிள்ளைங்களுக்கு அது உதவும்னு நம்பறேன்.

ஆறு பேர், ஆளுக்கு ஒரு நம்பர், சட்டையில ஒட்டிக்குவாங்க. படிக்க அஞ்சு நிமிஷம், பேச பதினஞ்சு நிமிஷம். கணக்கு போட்டா ஆளுக்கு ரெண்டரை நிமிஷம்தான் வரும். அதை ஒரே மூச்சுல பேசி முடிக்கிறது வேஸ்ட், அரை அரை நிமிஷமா நாலஞ்சு தடவை உள்ள வர்றதுதான் நாங்க பார்க்கிறது. ஃபார்ம் சிக்ஸ் முடிச்சு முவெட்ங்கற இங்கிலீஷ் பரீட்சை எழுதின பிள்ளைங்க ஸ்பீக்கிங்ல குரூப்பா பேசின பழக்கத்தோட வர்றாங்க, ஆனா அங்க நாலு பேர்தான், இங்க ஆறு பேர், எல்லாருக்கும் வேலை வேணும், அதனால நெருக்கடி கூட.

அன்னிக்கு குடுத்த கேள்வி இது. ஒரு தோட்டத்துக்கு ஒரு லட்சம் வெள்ளி ஒதுக்கியிருக்கு, லயத்து வீட்டு கூரைய மாத்தறதா, பிள்ளைங்களுக்கு ஸ்கூல் வேன் வாங்கறதா, குலை ஏத்த மினி டிராக்டர் வாங்கறதா, ஒண்ணை முடிவு பண்ணி காரணம் சொல்லணும்.

ஒண்ணாம் நம்பர் பொண்ணு டக்குன்னு ஆரம்பிச்சா, நல்லாத்தான் ஆரம்பிச்சா. ரெண்டாம் நம்பர் கூரை பக்கம் பேசினான். அஞ்சாம் நம்பர் பையனுக்கு இங்கிலீஷ் தண்ணி மாதிரி வருது, குரலும் பெருசு, மினி டிராக்டர்னு பிடிச்சவன் விடவே இல்ல. நாலாம் நம்பர் ஒரு தோட்டத்து பொண்ணு, அப்பா லாரி ஓட்டறவரு. அவ எப்படி உள்ள வரப்போறான்னு நான் பார்த்துக்கிட்டே இருந்தேன், ஏன்னா அவ உக்காந்திருந்த விதம் அப்படியே 2009ல நான் உக்காந்திருந்த மாதிரி.

ரெண்டாம் நம்பர் திரும்ப பேசறப்ப, மழைக்காலத்துல கூரை ஒழுகி பிள்ளைங்களுக்கு சளி காய்ச்சல் வந்து அம்மாங்க லீவ் போடறாங்கன்னு முடிச்சான். முடிக்கிறப்ப குரல் கீழ இறங்குது பாருங்க, அந்த இடத்துலதான் அவ வந்தா. எக்ஸ்கியூஸ் மீ, கேன் ஐ சே சம்திங் அப்படின்னு பர்மிஷன் கேக்கல, அதைக் கேட்டு முடிக்கறதுக்குள்ள வேற ஆளு எடுத்துக்குவாங்க, நான் நூறு தடவை பார்த்துட்டேன். "தட் லீவ் காஸ்ட்ஸ் மணி டூ"ன்னு ஒரு குட்டி வரி, அவன் விட்ட லீவ்ங்கற வார்த்தையையே பிடிச்சு. வரி முழுசா முடிஞ்சுது, எல்லாரும் திரும்பினாங்க, இடம் அவளுக்கு வந்துடுச்சு. அப்புறம்தான் நிதானமா விளக்கினா, ஒரு வெட்டறவர் ஒரு நாள் வரலன்னா அந்த வெட்டு ரவுண்டு தள்ளிப்போகும், பழம் அளவுக்கு மேல பழுத்து உதிரி கீழ கொட்டும், பொறுக்க ஆள் வேணும்னு. கையை ஸ்கூல் மாதிரி தூக்கல, டேபிள் மேல விரிச்சு வச்சு லேசா முன்னாடி சாஞ்சா, அவ்ளோதான்.

இது குறுக்க பேசறது இல்லைங்க, மத்தவர் விட்ட நுனியில நம்ம கயித்தை முடி போடறது. அப்பா கேட்டிருந்தா கூட கோவிச்சிருக்க மாட்டாரு. மத்தவர் நடு வாக்கியத்துல இருக்கறப்ப, அண்ட், பிகாஸ்னு இழுக்கறப்ப நுழைஞ்சாதான் அது வெட்டு, அதுக்கு எங்க பேப்பர்ல மார்க் குறையும். இன்னொண்ணு, ஐ அக்ரீன்னு உள்ள வந்துட்டு பின்னாடி ஒண்ணுமே சேர்க்காம போறவங்க நிறைய பேர், அதை நாங்க நுழைஞ்ச கணக்குல சேர்க்கறதே இல்ல.

அஞ்சாவது நிமிஷத்துக்கு மேல அஞ்சாம் நம்பர் டிராக்டர்ல இருந்து ஆள் பற்றாக்குறைக்கு போயி, அங்கிருந்து வெளிநாட்டு தொழிலாளி, லெவி, கவர்ன்மெண்ட் பாலிசின்னு எங்கயோ போயிட்டான். ஆறாம் நம்பர் பொண்ணு பொறுமை இல்லாம "வி ஆர் அவுட் ஆஃப் டாபிக்"னு சொன்னா. சொன்னது உண்மைதான், ஆனா பலன் என்ன? அவனுக்கு முகம் சிவந்து, இதுக்கும் டாபிக்குக்கும் சம்பந்தம் இருக்குன்னு இன்னும் ஒரு முழு நிமிஷம் விளக்கினான். தப்பா போறேன்னு சொன்னா மனுஷன் தன் மானத்தை காப்பாத்தத்தான் பார்ப்பான், திரும்ப மாட்டான்.

நாலாம் நம்பர் செஞ்சது வேற. அவனோட பேச்சுல உபயோகமான ஒரு துண்டை மட்டும் எடுத்தா. இங்கிலீஷ்லதான் சொன்னா, நான் தமிழ்ல சொல்றேன்: "அஞ்சாம் நம்பர் சொன்ன மாதிரி ஆளுங்க நிக்க மாட்டேங்கறாங்க, அப்ப இந்த மூணுல எது அவங்களை தோட்டத்துலயே நிக்க வைக்கும்? நமக்கு எட்டு நிமிஷம் இருக்கு." அவனுக்கு மரியாதை போகல, கேள்வி பேப்பர் திரும்ப நடு டேபிளுக்கு வந்துடுச்சு. அதோட நிறுத்தாம மூணாம் நம்பர் பையன் பக்கம் திரும்பினா, அவன் அதுவரைக்கும் வாயே திறக்கல. நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு பொத்தாம் பொதுவா கேட்டா அவன் உறைஞ்சு போயிருப்பான், எனக்கு அது நல்லாவே தெரியும். அவ கேட்டது, வேனா கூரையா, பிள்ளைங்க இருக்கற குடும்பத்துக்கு எது முதல்ல வேணும்? ரெண்டுல ஒண்ணு சொன்னா போதும், பதில் கையிலயே இருக்கு. அவன் "வேன், பிகாஸ் மை சிஸ்டர் மிஸ்ட் ஸ்கூல்"னு ஆரம்பிச்சு அரை நிமிஷம் பேசினான், அன்னிக்கு அவன் பேசினதுல அதுதான் நல்ல பகுதி. அவனுக்கும் மார்க், அவளுக்கும் மார்க்.

சம்மரி பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். எல்லாரும் கடைசி நிமிஷத்துக்கு காத்திருந்து, ஒரே நேரத்துல ரெண்டு மூணு பேர் டு கன்க்ளூட்னு பாய்வாங்க. நாலாம் நம்பர் ஒன்பதாவது நிமிஷத்துலயே சோ ஃபார்னு ஒரு சின்ன சம்மரி குடுத்தா. கூரைக்கு மூணு பேர், வேனுக்கு ஒருத்தர், டிராக்டருக்கு ஒருத்தர், ஆறாம் நம்பர் இன்னும் சொல்லல, இருபது செகண்டுக்குள்ள முடிச்சுட்டா. அதனால ஆறாம் நம்பர் முடிவு சொல்ல வேண்டியதாயிடுச்சு, அவளும் கூரைன்னா, மிச்ச நேரத்துல ஏன்னு பேச முடிஞ்சுது.

ரவுண்டு முடிஞ்சு பேப்பரெல்லாம் வாங்கி அடுக்கறப்ப அவளோடதை பார்த்தேன். நீட்டுக்கு ரெண்டு கோடு, மூணு கட்டம், மேல கூரை, வேன், டிராக்டர்னு தமிழ்லயே எழுதியிருக்கா. கீழ வாக்கியமே இல்ல, ஒரு வார்த்தை, பக்கத்துல ஆளோட நம்பர். லீவ் 2. சளி 2. சூடு 1. தங்கச்சி 3. அடிப்பட்ட பழம் 5. இவ்வளவுதான். மத்த பேப்பர்ல எல்லாம் அவங்கவங்க பேசப்போற இங்கிலீஷ் வாக்கியம் முழுசு முழுசா இருக்கு, மத்தவங்க பேசினது ஒரு வரி கூட இல்ல. அப்புறம் எப்படி சம்மரி வரும், தன் கருத்தைத்தான் திரும்ப சொல்ல முடியும்.

இது மொழிப் பரீட்சைங்கறதால இன்னொரு விஷயமும் இருக்கு. அடுத்தவர் சொன்னதை நம்ம வார்த்தையில சொல்றப்பதான் ஒருத்தரோட இங்கிலீஷ் உண்மையில தெரியும். பாஸ்ட் டென்ஸ் வரணும், வைல், அல்தோன்னு ரெண்டு பேர் கருத்தை சேர்க்கணும். மனப்பாடம் பண்ணின "இன் எ நட்ஷெல்" பளபளன்னு வரும், அடுத்த வாக்கியத்துலயே கால் இடறும், கேக்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சுடும். அவளுக்கும் கிராமர் தப்பு வந்துச்சு, "ஹி டோண்ட்"னு ரெண்டு தடவை சொன்னா, லாங்குவேஜ் கட்டத்துல அதுக்கு குறைச்சோம், குறைக்காம விட முடியாது. அஞ்சாம் நம்பருக்கு அந்த கட்டத்துல அவளை விட கூடவே போட்டோம், அதுவும் நியாயம்தான்.

கடைசியில ஒண்ணாம் நம்பர்தான் முடிவு சொன்னா, நாங்க எல்லாரும் கூரைன்னு ஒத்துக்கறோம்னு. அதுல ஒரு தப்பு, எல்லாரும் இல்ல. மூணாம் நம்பர் வேன்லயே நின்னான், அஞ்சாம் நம்பர் டிராக்டரை விடல. நாற்பது செகண்டு பாக்கி. நாலாம் நம்பர் மெதுவா சேர்த்தா, நாலு பேர் கூரை, காரணம் லீவும் பிள்ளைங்க உடம்பும், ரெண்டு பேர் ஒத்துக்கல, அவங்க காரணம் ஸ்கூலும் அடிப்படற பழமும், அடுத்த வருஷ காசுக்கு அதைப் பார்க்கணும்னு. அஞ்சாம் நம்பர் அப்பதான் முதல் தடவையா தலையாட்டினான். பெல் அடிச்சுது.

போன மாசத்துல இருந்து சனிக்கிழமை கோயில் மண்டபத்துல ஊரு பிள்ளைங்க அஞ்சாறு பேரை உக்கார வச்சு இதை பழக்கறேன். நான் யார் பேரையும் சொல்றதில்ல. முதல் வாரம் ரெண்டு நிமிஷம் முழுக்க சத்தமே இல்ல, எல்லாரும் என் மூஞ்சியையே பார்த்தாங்க, "அக்கா, யார் ஆரம்பிக்கறது?"ன்னு ஒருத்தன் கேட்டான். நான் பதில் சொல்லல. போன வாரம் அதே பையன், பக்கத்துல இருந்தவ மழைன்னு முடிக்கிறப்ப அந்த மழையையே பிடிச்சுக்கிட்டு பேச ஆரம்பிச்சான், என் பக்கம் திரும்பிக் கூட பார்க்கல.