பதினான்கு நிமிடச் சிவப்பு

மார்ச் 1, 2026, ஞாயிறு

காலை 5.40-க்குக் கோவை வடவள்ளியில் கிளம்பி மருதமலை ரோட்டில் 5 கி.மீ. மேலே போய் அப்படியே திரும்பினேன். 10 கி.மீ., 71 நிமிடம் 30 வினாடி. கிலோமீட்டருக்குச் சராசரி 7:09. ஏற்றம் 70 மீட்டர். சட்டை நனைந்ததே தவிர மூச்சு வாங்கவில்லை, திரும்பும்போது பக்கத்தில் வந்தவரோடு தேங்காய் விலை பேசிக்கொண்டே ஓடினேன்.

வீட்டுக்கு வந்து வாட்சின் ஆப்பைத் திறந்தால் பக்கமெல்லாம் சிவப்பு. இதயத் துடிப்பை ஐந்து ஸோனாகப் பிரித்ததில், உச்சமான ஐந்தாம் ஸோனில் 14 நிமிடம், நான்காம் ஸோனில் 57 நிமிடம், மீதி மூன்றுக்கும் சேர்த்து அரை நிமிடம். ‘அதிகபட்ச முயற்சி, 3 நாள் ஓய்வு தேவை’ என்று கீழே ஒரு வரி. ஸ்க்ரீன்ஷாட்டை குரூப்பில் போட்டேன். “டாக்டரைப் பாருங்க” என்று இரண்டு பேர். ரயில்வேயில் ஓய்வு பெற்ற அண்ணன் மட்டும், “ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆன ஸ்ப்ளிட் நேரத்தையும் இதயத் துடிப்புக் கோட்டையும் தனித்தனியா அனுப்பு தம்பி. கலர் படம் எனக்கு வேண்டாம்” என்றார்.

மார்ச் 3, செவ்வாய்

அண்ணனோடு டீக்கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு கிலோமீட்டராகப் பார்த்தோம். முதல் இரண்டில் துடிப்பு 168, 171. மூன்றாவதில் திடீரென்று 146. பிறகு 150, 154. இறக்கத்தில் 142-க்கும் 148-க்கும் நடுவே.

“கிளம்பின முதல் நிமிஷத்துலயே 168-க்கு எந்த இதயமும் தாவாது” என்றார். நிஜமான துடிப்பு படி ஏறுவதுபோல ஏறும், அல்லது நெளிந்து நெளிந்து போகும். என் கோடு செங்குத்தாக ஏறி, 14 நிமிடம் மேஜை மாதிரி தட்டையாக நின்று, அப்புறம் அப்படியே சரிந்திருந்தது. “கேடன்ஸ் எவ்வளவு?” என்றார். பார்த்தேன். நிமிடத்துக்கு 168 முதல் 171 அடி.

இதை கேடன்ஸ் லாக் என்கிறார்கள். வாட்சின் அடியில் இருக்கும் பச்சை விளக்கு, தோலுக்குக் கீழே ரத்தம் வந்து போவதால் மாறும் ஒளியைப் படிக்கிறது. கை வீசும்போதும் அந்த ஒளி ஆடும். விடியற்காலைக் குளிரில் தோலில் ரத்த ஓட்டம் குறைவு, எனக்கு ஸ்ட்ராப்பும் லூஸ். நாடியின் தாளம் மங்கிப்போய்க் காலடியின் தாளம் பலமாக இருக்க, வாட்ச் அதையே நாடி என்று எடுத்துக்கொண்டது. உடம்பு சூடானதும் சரியாகிவிட்டது. ஆக, அந்த 14 நிமிடமும் என் செருப்பின், மன்னிக்கவும், ஷூவின் துடிப்பு.

ஸ்ட்ராப்பை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கிக் கட்டச் சொன்னார். அதற்கும் மேல் வேண்டுமென்றால் மார்புப் பட்டை. தன்னுடைய பழையதை இரவல் தந்தார். (துவைத்துத்தான் தந்தார் என்று நம்புகிறேன்.)

மார்ச் 8, ஞாயிறு

சரி, ஐந்தாம் ஸோன் கதை முடிந்தது. மீதி 57 நிமிடம் நான்காவதில் ஏன் போனது?

ஆப் என் வயது 44-ஐ 220-லிருந்து கழித்து, உச்சத் துடிப்பு 176 என்று தானே எழுதிக்கொண்டிருந்தது. அதில் 80 சதவீதம் 141. அதைத் தாண்டினால் நான்காம் ஸோன். 220 கணக்கு ஒரு கூட்டத்துக்கான சராசரிதான். ஒரு தனி மனிதரை எடுத்தால் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியோ அப்படியோ விலகுவது சர்வசாதாரணம்.

ஜனவரியில்தான் ட்ரெட்மில் டெஸ்ட் எடுத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அந்தத் தைரியத்தில் இன்று மார்புப் பட்டையோடு அளந்தேன். 20 நிமிடம் மெதுவான ஓட்டம். பிறகு மேட்டில் 3 நிமிடம் முடிந்த மட்டும் ஓடி, மெதுவாக இறங்கி, மறுபடி. மூன்று தடவை. உச்சம் 179, 185, 188. மூன்றாவதுக்குப் பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒரு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஆப்பில் 176-ஐ அழித்து 188 என்று போட்டேன். மூன்றாம் ஸோன் இப்போது 132-இல் தொடங்கி 150 வரை போகிறது. 1-ஆம் தேதி ஓட்டம் பெரும்பாலும் அதற்குள் வந்து விழுகிறது. மேலே ஏறிய கடைசிக் கிலோமீட்டர் மட்டும் நான்காவதைத் தொடுகிறது. என் மூச்சு சொன்னதும் ஏறக்குறைய அதைத்தான். ஆனால் லேசான ஓட்டம் என்று நினைத்துக் கிளம்பியவனுக்கு இதுவும் கொஞ்சம் ஜாஸ்திதான்.

ஏற்றக் கணக்கையும் பார்த்தேன். மூன்றாவது கிலோமீட்டர் 7:30, ஐந்தாவது 8:05. 35 வினாடி களைத்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் மூன்றாவதில் 12 மீட்டர் ஏற்றம், ஐந்தாவதில் 24. மேடு பள்ளத்தைக் கழித்து, சமதளத்தில் எவ்வளவாக இருந்திருக்கும் என்று காட்டும் GAP வரிசையில் அவை 7:10, 7:25. அதாவது 35-இல் 20 வினாடியை மேடு எடுத்துக்கொண்டது. 15 வினாடிதான் நான் விட்டது. இறக்கம் இதை முழுசாகத் திருப்பித் தராது என்பதும் தெரிந்தது: அதே சரிவில் 6:40-க்கு இறங்கியதை GAP 7:05 என்றுதான் காட்டுகிறது.

மார்ச் 14, சனி

தூங்கிவிட்டேன். ரேஸ்கோர்ஸில் ஓட ஆரம்பிக்கும்போதே 7.30. சமதளம், 8 கி.மீ., எல்லாம் 7:00-க்கு ஐந்து வினாடி முன்னே பின்னே. (அங்கேயும் 31 மீட்டர் ஏற்றம் என்கிறது போன். ஜி.பி.எஸ். உயரத்தில் தடுமாறும். காற்றழுத்த மானி உள்ள வாட்ச் கட்டியிருந்தவருக்கு 9 மீட்டர்.)

வேகம் மாறவில்லை, துடிப்பு மட்டும் 138-இல் தொடங்கி 152-இல் முடிந்தது. பட்டை சரியாகத்தான் இருந்தது, கோடும் நிதானமாகவே ஏறியிருந்தது. இது வெயிலின் வேலை. வியர்வையில் ரத்தத்தின் நீர் குறைகிறது. இருக்கும் ரத்தத்திலும் ஒரு பங்கை உடம்பு சூட்டைத் தணிக்கத் தோலுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் அளவு குறைவதால் எண்ணிக்கையைக் கூட்டித்தான் அது ஈடுகட்ட முடியும்.

ஸ்க்ரீன்ஷாட்டில் சராசரித் துடிப்பை மட்டும் பார்த்தால் இது தெரியாது. முதல் 4 கிலோமீட்டரையும் கடைசி 4-ஐயும் பிரித்துப் பார்த்தேன்: 141, 149. சம வேகத்தில் 8 துடிப்பு வித்தியாசம். விடிகாலையில் இதே வட்டத்தில் 3-ஐத் தாண்டாது.

கையில் எதுவும் கட்டாமல் முயற்சியை அளக்க அண்ணன் சொன்ன வழியையும் இன்று சோதித்தேன்: ஓடிக்கொண்டே பதினாறாம் வாய்ப்பாடு. 138-இல் இரண்டு வரி ஒரே மூச்சில் வந்தது. 145-ஐத் தாண்டியதும் வரிக்கு ஒரு மூச்சு. கடைசியில் “ஏழு பதினாறு” என்றதும் நிறுத்தி மூச்சிழுத்த பிறகே “நூத்திப் பன்னெண்டு”. நடைபயிற்சிக்கு வந்த ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 22, ஞாயிறு

அதே மருதமலை ரோடு, அதே 5.40. மார்புப் பட்டை, புது ஸோன்கள். இம்முறை ஏறும்போது வேகத்தைப் பார்ப்பதில்லை, வாய்ப்பாடு உடையாமல் போவது என்று முடிவு.

ஏற்றத்தில் 7:40, 7:45, 7:50, 8:05, 8:30. இறக்கம் முழுக்க 7:10. மொத்தம் 75 நிமிடம் 40 வினாடி, போன தடவையைவிட 4 நிமிடம் கூடுதல். துடிப்பு 128-இல் தொடங்கி உச்சியில் 144. நான்காம், ஐந்தாம் ஸோன்களில் பூஜ்யம்.

அண்ணனுக்குக் கோட்டை மட்டும் அனுப்பினேன். ஐந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: “இது மனுஷன் கோடு. பட்டையை எப்ப திருப்பித் தர்றே?”