முதல் செய்தியே ஒரு கட்டைவிரலா?

அறிமுகமே இல்லாத ஒருவரிடமிருந்து உள்பெட்டியில் நீலக் கட்டைவிரல் மட்டும் வந்தால், உடனே கோபப்பட வேண்டாம். மெசஞ்சரில் எழுதும் பெட்டி காலியாக இருக்கும்போது அதன் ஓரத்திலேயே அந்த விரல் நிற்கிறது. தட்டச்சு செய்யத் தொடங்கினால்தான் அந்த இடத்தில் அனுப்பும் அம்புக்குறி வரும். கை தவறிப் பட்டாலே போய்விடும். விரல் மிகப் பெரிதாக வந்திருந்தால் கதை வேறு. சற்று நேரம் அழுத்திப் பிடித்திருக்கிறார்.

ஒற்றைக் கேள்விக்குறி அப்படித் தவறி வருவது அரிது. போன வாரம் எனக்கு ஒன்று வந்தது. பழைய கேமரா விற்பனைக்கு என்று நான் போட்டிருந்த பதிவின் கீழே பார்த்தேன். அதே பெயரில், பதில் இல்லாமல் ஒரு கேள்வி காத்திருந்தது. "வணக்கம். கேமரா பற்றிக் கேட்கிறீர்களா? இன்னும் இருக்கிறது" என்று எழுதினேன். உடனே விலை கேட்டார்.

எந்தத் தடயமும் இல்லையென்றால், "வணக்கம், என்னிடம் ஏதாவது கேட்க நினைத்தீர்களா?" என்று ஒரே வரி போதும். பதிலுக்கு நாமும் விரலைக் காட்டினால் உரையாடல் அங்கேயே படுத்துவிடும். எழுத விருப்பமில்லையா? செய்திக் கோரிக்கையாக வந்ததை ஏற்காதவரை, நாம் பார்த்தது அவருக்குத் தெரியாது. ஆனால் பதில் எழுதினால் ஏற்றுக்கொண்டதாகிவிடும். இரண்டாவதாகவும் வெறும் விரலோ குறியோ வந்தால் நான் பதில் எழுதுவதில்லை.