கோல்ஃப் பயிற்றுநர் தேர்வில் கிரிப் கேள்வி: எனக்கு நடந்தது

செய்முறைத் தேர்வில் என் முன்னால் ஒருவரை நிறுத்தினார்கள். வலக்கை ஆட்டக்காரர், கையில் செவன் அயர்ன் என்ற கோல்ஃப் கிளப், அடிக்கிற பந்தெல்லாம் வலப்பக்கம் போகிறது. காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

கிளப்பை இரண்டு கைகளாலும் பிடிக்கும் முறைதான் கிரிப், அதில் மூன்று வகையையும் நான் மனப்பாடமாகப் படித்திருந்தேன். வலது சுண்டுவிரல் இடது ஆள்காட்டிக்கும் நடுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின்மேல் படுத்தால் ஓவர்லேப், ஹாரி வார்டன் பரவலாக்கியது. இடது ஆள்காட்டி விரலோடு கொக்கி போட்டால் இன்டர்லாக், ஜாக் நிக்லஸும் டைகர் வுட்ஸும் பிடிப்பது. பத்து விரலும் கிளப்பின் மேலேயே இருந்தால் டென் ஃபிங்கர், சின்னக் கைகளுக்கும் சிறுவர்களுக்கும் வசதி. அவர் பிடித்திருந்தது இன்டர்லாக். ஓவர்லேப்புக்கு மாற்றச் சொன்னேன். பந்து அப்போதும் வலப்பக்கம்தான் போனது.

அப்புறம்தான் அவருடைய கையுறையைப் பார்த்தேன். உள்ளங்கையின் அடிப்பக்கம், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. கிளப் விரல்களில் உட்காராமல் உள்ளங்கையில் கிடந்து, ஒவ்வொரு அடியிலும் அங்கே உரசுகிறது என்று அர்த்தம். அப்படிப் பிடித்தால் கிளப் நழுவுகிற மாதிரி இருக்கும், அதைத் தடுக்க வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக இறுகும், அந்த இறுக்கம் முன்கைக்கு ஏறி மணிக்கட்டைப் பூட்டிவிடும், கைகள் திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாது, பந்தை அடிக்கும் முகப்பான ஃபேஸ் திறந்தபடியே, அதாவது வலப்பக்கம் பார்த்தபடியே, பந்துக்கு வந்து சேரும்.

பந்தும் கிளப்பும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் கையால் எதையும் திருத்த முடியாது, ஃபேஸ் எப்படி வந்ததோ அப்படித்தான் அடி விழும். அயர்னில் பந்து கிளம்பும் திசையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஃபேஸின் கையில். வீச்சு நேராக இருந்து ஃபேஸ் 4 டிகிரி திறந்திருந்தால் பந்து 3 டிகிரி வலப்பக்கமாகக் கிளம்பும். 130 மீட்டர் அடியில் அதுவே கிட்டத்தட்ட 7 மீட்டர் விலகல், வளைவு தனி.

சரி, என்ன செய்தேன்? கிளப்பை இடது கை விரல்களின் அடியில் குறுக்காக வைத்து, கடைசி மூன்று விரல்களால் பிடிக்கச் சொன்னேன். வலது கட்டைவிரலையும் ஆள்காட்டியையும் கிளப்பிலிருந்து எடுத்துவிட்டுப் பத்து அரை வீச்சு. பிடியின் அழுத்தம் பத்துக்கு எத்தனை என்று இப்படிப்பட்ட ஆட்டக்காரரிடம் கேட்டால் தொடக்கத்தில் நான்கு என்பார், ஆனால் மேலேயிருந்து இறங்கும்போது எட்டாகிவிடும். ரொம்பத் தளர்வாகப் பிடிப்பவருக்கும் இதே கதைதான், உச்சியில் கிளப் ஆடுவதால் பாதி வழியில் அள்ளிப் பிடிப்பார். ஆகவே எவ்வளவு அழுத்தம் என்பதைவிட, அது நடுவில் மாறுகிறதா என்று பாருங்கள். முன்கைத் தசை திடீரென்று புடைப்பது கண்ணுக்கே தெரியும்.

ஏழாவது பந்திலிருந்து நேராகக் கிளம்ப ஆரம்பித்தது. அவருடைய பழைய இன்டர்லாக்குக்கே திரும்பச் சொன்னேன், அதிலும் நேராகவே போனது.