25 இல்லை, 8 உண்டு

நவம்பர் 16, 2025, ஞாயிறு

எங்கள் வாசிப்பு வட்டம் ஒன்றுவிட்டு ஒரு வியாழன் இணையத்தில் கூடுகிறது. 13ஆம் தேதி ஒரு கூட்டம் முடிந்தது. அப்படியே எண்ணினால் நவம்பர் 27, டிசம்பர் 11, டிசம்பர் 25, ஜனவரி 8. இதில் 25 கிறிஸ்துமஸ், கூட்டம் கிடையாது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அதற்கு அடுத்தது எப்போது என்பதில்தான்.

"25 லீவு" என்று மட்டும் சொன்னால் ஒருவர் ஜனவரி 8 என்று எடுத்துக்கொள்வார். இன்னொருவர் ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்று நினைத்து ஜனவரி 1 என்பார். அதுவும் விடுமுறை. அங்கிருந்து இரண்டு வாரம் எண்ணுகிறவர் 15ஆம் தேதி வந்து உட்கார்ந்திருப்பார். வாராவாரம் கூடும் குழுவுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

25ஆம் தேதிக் கூட்டத்தை ஒரு வாரம் முன்னதாக டிசம்பர் 18க்குக் கொண்டுவரலாமே என்று ஒருவர் கேட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் அப்புறம் 18இலிருந்து எண்ணுவதா, பழைய வரிசையிலேயே போவதா என்று புதிதாக ஒரு கேள்வி முளைக்கும். வேண்டாம் என்று முடிவு. ஒரு கூட்டம் விடுபடும், வரிசை நகராது. 11க்கும் 8க்கும் நடுவில் நான்கு வாரம் விழும், விழட்டும்.

இன்னொன்று: நவம்பர் 27 அமெரிக்காவில் நன்றி நவிலல் நாள். அங்கே இருவர் இருக்கிறார்கள், மற்றவர்களுக்கு வேலைநாள். அவர்களிடம் கேட்டாயிற்று, கூட்டத்தை நடத்துங்கள் என்றார்கள். இதையும் வெளிப்படையாக எழுத வேண்டும். இல்லையென்றால் "இன்றைக்கு உண்டா?" என்று கடைசி நேரத்தில் செய்தி வரும்.

நவம்பர் 19, புதன்

அனுப்பிய செய்தி இது:

"நவம்பர் 27 வியாழன்: கூட்டம் உண்டு. டிசம்பர் 11 வியாழன்: உண்டு. டிசம்பர் 25 வியாழன்: இல்லை. ஜனவரி 8 வியாழன்: உண்டு. இடையில் மாற்றுக் கூட்டம் கிடையாது."

விடுபடும் தேதியை மட்டும் கொடுத்தால் மற்றதை அவரவர் விரல்விட்டு எண்ண வேண்டும். அதனால் நடக்கும் தேதிகளையும் சேர்த்தேன். "அடுத்த வாரம்", "அதற்கடுத்தது" போன்ற சொற்கள் அறவே இல்லை. நான்கு நாள் கழித்துச் செய்தியைத் திறப்பவருக்கு அடுத்த வாரம் வேறு வாரம்.

25ஆம் தேதி யார் பேசுவதாக இருந்தது என்றும் கேள்வி வந்தது. அவர் 8ஆம் தேதி பேசுவார், பின்னால் இருப்பவர்கள் ஒவ்வொரு இடம் தள்ளிப்போவார்கள்.

டிசம்பர் 3, புதன்

எல்லோரும் கேட்டபடி தொடக்கம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது. நாட்காட்டிக்கு நாங்கள் கையால் எழுதி வைத்திருக்கும் .ics கோப்பைத்தான் அனைவரும் இணைத்திருக்கிறார்கள். அதில் நேரங்கள் UTCயில் இப்படி இருந்தன:

```
DTSTART:20251113T130000Z
RRULE:FREQ=WEEKLY;INTERVAL=2;BYDAY=TH
EXDATE:20251225T130000Z
```

EXDATE என்பதுதான் விடுபடும் நாள். அது வெறும் தேதியைப் பார்ப்பதில்லை. அந்த நாள் கூட்டத்தின் தொடக்க நேரத்தோடு அப்படியே பொருந்த வேண்டும். DTSTARTஇல் T130000ஐ T140000 ஆக்கிவிட்டு இதை விட்டுவிட்டால், நீக்கிய 25ஆம் தேதி சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகவே இரண்டையும் மாற்றினேன். பிறகு நாட்காட்டியில் 25 காலியாக இருக்கிறதா, 8 இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தேன். சரியாக இருக்கிறது. நடந்து முடிந்த கூட்டங்களும் நேரம் மாறித் தெரிகின்றன, பரவாயில்லை.

அழைப்பிதழ் அனுப்பும் குழுக்களுக்கு வேறு தலைவலி. ஒரு நாளை மட்டும் நீக்கினாலும் "ரத்து" என்ற அறிவிப்பு எல்லோருக்கும் போகும். கைபேசியில் தலைப்பு மட்டும் தெரிந்தால், கூட்டத்தொடரே நின்றுவிட்டது என்று சிலர் முழுத்தொடரையும் அழித்துவிடுவார்கள். நீக்கும்போது "டிசம்பர் 25 மட்டும், ஜனவரி 8 வழக்கம்போல்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

டிசம்பர் 11, வியாழன்

கூட்டம் முடியும்போது வாயாலும் சொன்னேன்: அடுத்தது ஜனவரி 8. "25 இல்லை" என்று ஆரம்பிக்கவில்லை. கேட்பவர் மனதில் நிற்பது முதலில் காதில் விழும் தேதி.

ஜனவரி 6, 2026, செவ்வாய்

நினைவூட்டல் போட்டேன்: "ஜனவரி 8 வியாழன், புதிய நேரம்." நான்கு வார இடைவெளியில் நேரம் மாறியதைத்தான் மறந்திருப்பார்கள். ஒருவர் பழைய நேரத்தைச் சொல்லி "அதுதானே?" என்று கேட்டார். கோப்பை இணைக்காமல், தொடக்கத்தில் கையால் பதிந்து வைத்தவர். இணைப்பை அனுப்பி, பழையதை அழித்துவிடுங்கள் என்றேன்.