நடுவில் வந்து சேர்ந்தவருக்கு நான்கு தாள்

எங்களுடையது ஐந்து பேர் கொண்ட சின்னக் குழு. சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மாடி அறைதான் அலுவலகம். சேர்வராயன் மலையில் மக்கள் குடிக்கத் தண்ணீர் எடுக்கும் 24 ஊற்றுகளை ஒரு வருஷம் முழுக்க மாதம் ஒருமுறை அளந்து, எந்த ஊற்று எந்த மாதம் எவ்வளவு கொடுக்கிறது என்று கணக்கு வைப்பது வேலை. ஜனவரியில் ஆரம்பித்தோம். மார்ச் கடைசியில் குழுவில் ஒருவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். ஏப்ரல் முதல் வாரம் அவர் இடத்துக்கு ஒரு பெண் வந்தார்.

அவரை நான் வரவேற்ற லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பென்டிரைவில் திட்ட முன்மொழிவு, படிவங்கள், போட்டோக்கள், பழைய கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்து, "படிச்சுப் பாரும்மா, சந்தேகம்னா கேளு" என்றேன். நாற்பது கோப்புக்கு மேல் இருந்தது. அவர் ஒன்றுமே கேட்கவில்லை. எனக்கும் நிம்மதியாக இருந்தது. எதைக் கேட்பது என்று தெரியாததால்தான் கேட்கவில்லை என்பது மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது.

முதல் அடி வாளியில் விழுந்தது. நாங்கள் அளப்பது வாளியும் ஸ்டாப்வாட்சும் வைத்துத்தான். ஊற்று விழும் இடத்தில் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுப்போம். ஜனவரியில் வாங்கிய வாளியில் 10 லிட்டர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. மார்ச் நடுவில், சந்தேகம் வந்து ஒரு லிட்டர் படியால் ஊற்றிப் பார்த்தால் விளிம்பு வரை பதினொன்றரை லிட்டர் பிடிக்கிறது! அதுவரை எடுத்த அளவெல்லாம் குறைவு. ஒரு ஊற்றில் 46 விநாடியில் வாளி நிரம்பியதை நிமிஷத்துக்கு 13 லிட்டர் என்று எழுதியிருந்தோம். உண்மையில் அது 15. அதனால் கணினியில் இருந்த ஷீட்டில் பழைய அளவை எல்லாம் 1.15-ஆல் பெருக்கித் திருத்தினோம். காகிதப் படிவங்களை அப்படியே விட்டோம். 10 லிட்டருக்குச் சிவப்புக் கோடு போட்ட புது வாளி வாங்கினோம். இவ்வளவும் நடந்தது ஒரு சாயங்காலம், டீ குடித்துக்கொண்டே. கூட்டக் குறிப்பில் "வாளி மாற்றப்பட்டது" என்று இரண்டே சொல்.

புதிதாக வந்தவர் பொறுப்பான பெண். காகிதத்தையும் ஷீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். எண்கள் ஒத்துப்போகவில்லை. யாரோ தப்பாகத் தட்டச்சு செய்துவிட்டார்கள் என்று நினைத்து 31 வரியைக் காகிதத்தில் உள்ளபடி மாற்றிவிட்டார். நல்லெண்ணத்தில்தான். ஏப்ரல் அளவைச் சேர்த்து வரைபடம் போட்டபோது மேலே சொன்ன அதே ஊற்று ஜனவரியில் 13, ஏப்ரலில் 14 என்று காட்டியது. ஜீப் ஓட்டும் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, வெயில் காலத்துல ஊத்து பெருகுமாங்க?" என்றார். மலைக்காரர் அவர். உண்மையான கணக்கில் 15-லிருந்து 14-ஆகக் குறைந்திருந்தது. எந்தெந்த வரி மாறியது என்று தேடிப் பழையபடி கொண்டுவர இரண்டு நாள் போயிற்று.

இரண்டாவது அடி இன்னும் வலித்தது. ஒரு ஊற்று கோயிலை ஒட்டி இருக்கிறது. அங்கே செருப்போடு போகக் கூடாது. முந்தின நாள் சாயங்காலமே ஊர்ப் பெரியவருக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும். இதெல்லாம் போனவர் தானாகவே செய்துகொண்டிருந்த காரியம். எங்களுக்கே முழுசாகத் தெரியாது. புதியவர் சொல்லாமல், செருப்போடு போய் நின்றார். திட்டு வாங்கிக்கொண்டு அளக்காமல் திரும்பி வந்தார். அந்த ஊற்றின் ஏப்ரல் கட்டம் இன்றைக்கும் காலிதான்.

ஆகஸ்டில் இன்னொருவர் கிளம்புகிறார் என்றதும், இந்த முறை விடக் கூடாது என்று உட்கார்ந்தேன். பென்டிரைவ் கிடையாது. நான்கு தாள், அவ்வளவுதான். ஒவ்வொன்றின் தலையிலும் எழுதிய தேதி.

முதல் தாள் திட்டம். முன்மொழிவிலிருந்து வெட்டி ஒட்டப் பார்த்தேன். அது ஜனவரியில் நாங்கள் கண்ட கனவு. நடுவில் வருபவருக்கு வேண்டியது இன்றைக்கு எங்கே நிற்கிறோம் என்பது. ஆகவே ஏழு மாத அளவு முடிந்தது, இரண்டு கட்டம் காலி, டிசம்பர் அளவோடு வேலை முடியும் என்று ஆரம்பித்தேன். அடுத்த மூன்று வாரத்துக்கு மட்டும் நாள்வாரியாக எழுதினேன். அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழை, பாதை வழுக்கும், ஒரு நாளைக்கு நான்கு ஊற்றுக்கு மேல் முடியாது என்று ஒரு வரி. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா, கோடை விழாக் கூட்டம் எல்லாம் சேர்ந்து எங்கள் தேதிகளைக் கலைத்துப்போட்ட கதையை எழுதி, அப்புறம் அடித்துவிட்டேன். ஆகஸ்டில் வருபவருக்கு மே எதற்கு?

இரண்டாவது தாள்தான் என்னைப் படுத்தியது. யார் யாருக்கு என்ன பொறுப்பு. பதவிப் பெயரைப் போட்டு எழுதினால் அரை மணியில் முடிந்துவிடும். கோயில் ஊற்று விவகாரம் நினைவுக்கு வந்தது. கிளம்புகிறவரிடம் "நீங்க என்னென்ன செய்யறீங்க, எழுதிக் குடுங்க" என்று கேட்டேன். ஆறு வரி கொடுத்தார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் போனில் கடைசி ஒரு மாத அழைப்புகளை அவரையே ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னேன். வேலை சம்பந்தப்பட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் "இவருக்கு எதுக்குப் பண்ணினீங்க?" என்று கேள்வி. ஆறு வரி பதினைந்தாயிற்று. மலைப்பாதையில் நெரிசல் என்றால் குப்பனூர் வழியாக ஏறலாமா என்று ஜீப் அண்ணனிடம் காலையில் கேட்பது, நாகலூர்ப் பக்கம் சிக்னல் இல்லாத இடத்துக்கு முன்னாலேயே படிவத்தைப் போனில் இறக்கிவைத்துக்கொள்வது, ஜி.பி.எஸ். கருவிக்குச் சார்ஜ் போடுவது எல்லாம் இப்படித்தான் வெளியே வந்தன. இதைக் கடைசி நாளில் செய்ய முடியாது. கிளம்ப இரண்டு வாரமாவது இருக்கும்போதே உட்கார வேண்டும்.

அந்தத் தாளில் இன்னொரு பத்தியும் சேர்த்தேன்: புதியவர் தானாக முடிவெடுக்கலாம் என்பவை எவை, கேட்காமல் தொடக் கூடாதவை எவை. ஷீட்டில் பழைய எண் எதையும் மாற்றக் கூடாது, சந்தேகம் இருந்தால் பக்கத்துக் கட்டத்தில் எழுதி என்னிடம் சொல்ல வேண்டும் என்பது இரண்டாவது வகை. ஏப்ரலில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

மூன்றாவது தாள் வரலாறு. நடந்ததை எல்லாம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். எடுத்த முடிவுகளை மட்டும் எழுதினேன்: என்ன முடிவு, எப்போது, ஏன், எது நடந்தால் மறுபடி யோசிப்போம். ஒன்பது முடிவு தேறியது. வாளிக் கதை இப்படி வந்தது:

"மார்ச் 14. பழைய வாளி 10 அல்ல, 11.5 லிட்டர். அதற்கு முந்தின அளவுகள் ஷீட்டில் திருத்தப்பட்டவை, காகிதத்தில் திருத்தப்படாதவை. இரண்டும் ஒத்துப்போகாது, போகவும் கூடாது. ஒத்துப்போனால்தான் தப்பு. புது வாளி உடைந்தால், அடுத்ததை முதலில் படியால் அளந்த பிறகே பயன்படுத்தவும்."

எழுதாமல் விட்டதும் உண்டு. ஒரு ஊரில் மேலே இருக்கும் விடுதி ஒன்று ஊற்றிலிருந்து குழாய் இழுப்பதாகப் பேச்சு. ஊருக்குள் அது பெரிய சண்டை. புதியவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் யார் வீட்டுத் திண்ணையில் உட்காருவது என்பதில்கூடத் தப்பு நடக்கும். ஆனாலும் தாளில் போடவில்லை. தாள் கை மாறும். ஜீப்பில் போகும்போது வாயால் சொன்னேன். அதே பயணத்தில்தான் படிவத்தில் வரும் "மலையாளி" என்ற சொல்லையும் விளக்கினேன். இந்த மலையின் பழங்குடி மக்கள் அவர்கள், பேசுவது தமிழ், கேரளத்துக்காரர்கள் இல்லை. ஏப்ரலில் வந்தவர் இதை ஒரு வீட்டிலேயே கேட்டுவிட்டார். நல்லவேளை, அந்தப் பாட்டி சிரித்துவிட்டார்.

நான்காவது தாள் முதல் வேலைகள். சின்னதாக, ஆனால் நிஜமான வேலையாக இருக்க வேண்டும், செய்தது சரியா தப்பா என்று அன்றைக்கே தெரிய வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள், கிளம்புகிறவரோடு போய் மூன்று ஊற்று. இருவரும் தனித்தனியாக அளக்க வேண்டும், முடியும் வரை ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டாம் நாள், ஜனவரிக் காகிதம் ஐந்தை எடுத்து அவரே கணக்குப் போட்டு ஷீட்டின் எண்ணைக் கொண்டுவர வேண்டும். வரலாற்றுத் தாளைப் படிக்காதவர் இதில் மாட்டிக்கொள்வார். அதற்காகத்தான் வைத்தேன். மூன்றாம் நாள், கோயில் ஊற்றுக்குப் பெரியவரிடம் போன் பண்ணி அனுமதி கேட்பது, நான் பக்கத்தில் இருக்கும்போது. அந்த வாரக் கடைசிக்குள், நான்கு தாளிலும் தப்பான அல்லது விட்டுப்போன இடங்களைப் பேனாவால் எழுதித் தர வேண்டும்.

வந்தவர் ஒரு தம்பி, ஆத்தூர்ப் பக்கம். முதல் நாள் காலையிலேயே மானம் போயிற்று. ஷீட்டைத் திறக்க அவருக்கு அனுமதியே கொடுக்கவில்லை நான். மலையில் மூன்று ஊற்றில் இரண்டில் இருவர் எண்ணும் ஒரு விநாடிக்குள் வந்தது. மூன்றாவதில் ஐந்து விநாடி வித்தியாசம். பார்த்தால், தம்பி சிவப்புக் கோட்டைத் தாண்டி விளிம்பு வரை நிரப்பியிருக்கிறார். தாளில் எங்கேயும் "கோடு வரை" என்று நான் எழுதவில்லை. எங்களுக்குத்தான் அது கை பழகிப்போன சங்கதியாயிற்றே.

வாரக் கடைசியில் தாள்கள் திரும்பி வந்தன. பதினேழு இடத்தில் பேனா. பாதிக்கு மேல் சாதாரண விஷயம்: பேருந்து நேரம் மாறியிருக்கிறது, ஒரு போன் எண்ணில் ஒரு இலக்கம் குறைகிறது. ஆறு கேள்விக்கு என்னிடமே பதில் இல்லை. அதில் ஒன்று: "வாளியை ஊற்றில் எந்த இடத்தில் பிடிக்கணும்? கல்லில் தெறிக்கிற தண்ணீர் வெளியே போகுதே, அது கணக்கில் வேண்டாமா?" நாங்கள் ஐந்து பேரும் கூடிப் பேசி, தெறிக்கும் இடங்களில் ஒரு அடி நீளக் குழாய்த் துண்டு வைத்து அளப்பது என்று தீர்மானித்தோம். எட்டு ஊற்றில் தெறிப்பு உண்டு. அந்த எட்டுக்கும் முந்தின அளவுகள் சற்றுக் குறைவாக இருக்கலாம் என்று வரலாற்றுத் தாளில் பத்தாவது முடிவாக ஏறியது, தம்பியின் கையெழுத்திலேயே.

செப்டம்பரில் அவர் தனியாகப் போன முதல் நாள், மத்தியானம் போன் வந்தது. "அக்கா, ஜீப்புல ரெண்டு வாளி கிடக்குதுங்க. ஒண்ணுல கோடே இல்லைங்க. எதுலங்க அளக்கட்டும்?"

"பக்கத்துல ஒரு லிட்டர் பாட்டில் இருக்கா?"

"இருக்குங்க. ஊத்திப் பார்த்துட்டேன். பதினொன்றரை."

பழைய வாளியைத் தூக்கிப் போடச் சொல்லி மார்ச்சிலேயே யாரிடமோ சொன்ன ஞாபகம். யாரிடம் என்றுதான் தெரியவில்லை.