சிலிண்டர் வெட்டும் முன் வாசகத்தைக் காதால் கேளுங்கள்

எங்கள் குழம்பு மசாலாவின் புதிய பாக்கெட்டுக்கு ‘வீட்டுக்கு வீடு வாசம்’ என்ற வாசகம் முடிவாகியிருந்தது. நிறம், படம் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. வர்த்தக முத்திரைத் தேடலுக்கு ஓர் ஏஜென்டைப் பிடித்தோம். பணத்தை வாங்கிக்கொண்டு, “யாரிடமும் இல்லை, தாராளமாக அச்சடியுங்கள்” என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார். எந்தச் சரக்கு வகுப்பில், எந்த எழுத்துக்கூட்டலில் தேடினீர்கள் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பாக்கெட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் வெட்ட வேண்டும். வெட்டியபின் ஓர் எழுத்து மாறினாலும் அந்த நிறத்தின் சிலிண்டர் வீண். அதனால் வேலையை நிறுத்திவிட்டு நானே தேட உட்கார்ந்தேன். பதிவகத்தின் இணையத் தேடல் இலவசம்தான். மசாலாவுக்கு 30-ஆம் வகுப்பு. ஊறுகாயும் போடுவதால் 29-ஐயும் பார்த்தேன். தமிழ்ச் சொல்லை அவரவர் இஷ்டப்படி ஆங்கில எழுத்தில் பதிந்திருப்பார்கள். `Match With` போட்டு முழு வாசகத்தையும் தேடினால் ஒன்றும் வராது. `Contains` போட்டு `vasam`, `vaasam` எனத் தனித்தனியே தேட வேண்டும். ஒலி ஒத்த சொற்களைக் காட்டும் `Phonetic` தேடலையும் விடக்கூடாது.

பதிவில் இல்லை என்பதோடு முடிவதில்லை. பதியாமலே முன்பிருந்து பயன்படுத்துபவரும் வழக்குப் போடலாம். கீழமாசி வீதியில் கடை கடையாக ஏறினேன். ஒரு ரசப்பொடிப் பாக்கெட்டின் பின்புறம், மூலப்பொருள் பட்டியலுக்கு மேலே, பொடி எழுத்தில் ‘வீடெல்லாம் வாசம்’ என்று இருந்தது. எங்கள் ஏஜென்ட் கடைப்பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

பெரிய அடி வீட்டில் விழுந்தது. ஆட்டோ விளம்பரத்துக்கு ஒலிப்பதிவு செய்ததைப் போட்டேன். ‘வீட்டுக்கு வீடு’ என்று வந்ததுமே மதினி, “வாசப்படி” என்று முடித்தார். “எல்லார் வீட்டிலும் பிரச்சினைதான் என்று சொல்லியா மசாலா விற்கப் போகிறீர்கள், தம்பி?” தெரிந்தவர்களுக்குப் போன் செய்து முதல் இரண்டு சொல்லை மட்டும் சொன்னேன். பெரும்பாலோர் அதே வாசப்படியில்தான் வந்து நின்றார்கள். அந்த வாசகத்தை அன்றே கைவிட்டோம்.

அடுத்தது ‘கொதி வரும்போதே வாசம்’. தேடலிலும் கடைகளிலும் தடையில்லை. ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் ‘வரும்’ என்று மூச்சு விட்டு, ‘போதே வாசம்’ என்றார். தெருமுனையில் நின்று கேட்டேன். ‘போதை வாசம்’ என்றே காதில் விழுந்தது. குழந்தைகள் சாப்பிடும் பொருளுக்கு இது ஆகுமா? பாக்கெட்டிலும் இடமில்லாமல் அந்த இடத்திலேயே வரியை உடைத்திருந்தார்கள்.

‘கொதி வந்தாலே வாசம்’ என்று மாற்றியதும் எங்கே நிறுத்தினாலும் கெடவில்லை. முன்போலவே தேடல், கடைவீதி, போன் என எல்லாம் பார்த்தாயிற்று. சரக்கின் தன்மையை மட்டும் சொல்லும் வாசகம் தனியாகப் பதிவாவது கடினம். அதனால் எங்கள் பெயரோடு சேர்ந்த லேபிளாக, முத்திரைப் பதிவுக்கான TM-A விண்ணப்பத்தை இணையத்தில் போட்டோம். சிறு நிறுவனத்துக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பிறகுதான் சிலிண்டர் வெட்டச் சொன்னோம்.